மினுக்க மறுத்த டிரெய்லர் விளக்கு: 555-இல் எந்த ரெசிஸ்டர் என்ன செய்கிறது

சுங்கை சிப்புட்டில் ரேடியோ, எம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் எனக்கு 555 டைமர் ஐசி பழைய சிநேகிதன். 1972-இல் சந்தைக்கு வந்த சில்லு அது. இன்றும் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. கிடைப்பதால் எல்லோரும் வாங்குகிறார்கள், இணையத்தில் பார்த்த படத்தை அப்படியே கட்டுகிறார்கள். சரியாக வராதபோது ஐசி போய்விட்டது என்று சொல்லி இன்னொன்று வாங்குகிறார்கள். என் மேசைக்கு வந்தவற்றில் ஐசி உண்மையாகவே போயிருந்தது குறைவு.

போன மாதம் படிவம் ஐந்து படிக்கும் பையன் ஒருவன் வந்தான். அவன் மாமா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். செம்பனைக் குலை ஏற்றிய டிரெய்லர், இருட்டிய பிறகும் சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது. பின்னால் வருகிறவருக்குத் தெரிய ஒரு மினுக்கு விளக்கு வைக்கலாம் என்று, தனி 12 வோல்ட் பேட்டரியோடு பையனே செய்திருக்கிறான்.

"அங்கிள், லைட் மினுக்கவே மாட்டேங்குது. எரிஞ்சபடியே இருக்கு. ஐசி போச்சா?"

போர்டைப் பார்த்தேன். கட்டியது ஒழுங்காகத்தான் இருந்தது. R1 100 கிலோ ஓம், R2 10 கிலோ ஓம், கெப்பாசிட்டர் 10 மைக்ரோ ஃபேரட். விளக்கைக் கையால் மறைத்து உற்றுப் பார்த்தால், நொடிக்கு ஒரு முறைக்குக் கொஞ்சம் மேலாக, கண் சிமிட்டுவதுபோல் லேசாக ஒரு துடிப்பு. மினுக்குகிறது. ஆனால் அணைந்திருக்கும் நேரம் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

ஏன் என்று சொல்வதைவிடக் காட்டுவது சுலபம். 10 மைக்ரோவைக் கழற்றிவிட்டு 100 மைக்ரோ வைத்தேன். எல்லாம் பத்து மடங்கு மெதுவாகிவிடும். டிஜிட்டல் மீட்டரைக் கெப்பாசிட்டரின் இரு முனையிலும் வைத்து, "நம்பரைப் பார்" என்றேன். 4 வோல்ட்டில் தொடங்கி 5, 6, 7 என்று ஏறியது. மேலே போகப் போக ஏற்றம் சோம்பலானது. 8-ஐத் தொட ஏழரை நொடி ஆனது. தொட்டதுதான் தாமதம், ஒரு நொடிகூட ஆகாமல் 4-க்கு விழுந்தது. மறுபடி ஏற்றம்.

4, 8 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? ஐசிக்குள் ஒரே அளவான மூன்று ரெசிஸ்டர்கள் வரிசையாக இருக்கின்றன. அவை மின்னழுத்தத்தை மூன்றாகப் பங்கு போடுகின்றன. 12 வோல்ட் என்றால் மூன்றில் ஒன்று 4, மூன்றில் இரண்டு 8. கெப்பாசிட்டர் 8-ஐத் தொட்டதும் வெளியீடான 3-ஆம் காலின் மின்னழுத்தம் கீழே இறங்கும், 7-ஆம் கால் உள்ளே தரையோடு சேரும். 4-க்கு இறங்கியதும் இரண்டும் திரும்பும். பேட்டரி 11-க்கு இறங்கினால் இந்த இரண்டு எல்லைகளும் கூடவே இறங்கும், அதனால் மினுக்கும் வேகம் அப்படியே இருக்கும். இந்தச் சில்லில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அடுத்து, பாதை. ஏறும்போது மின்னோட்டம் R1, R2 இரண்டின் வழியாகவும் கெப்பாசிட்டருக்கு வருகிறது. இறங்கும்போது R2 வழியாக மட்டும் 7-ஆம் காலுக்குள் போகிறது. பையனின் போர்டில் ஏற்றத்துக்கு 110 கிலோ, இறக்கத்துக்கு வெறும் 10 கிலோ.

```
ஏற்றம்  = 0.693 × (R1 + R2) × C = 0.76 s
இறக்கம் = 0.693 × R2 × C        = 0.07 s
```

0.693 என்பது 2-இன் இயல் மடக்கை. 4-இலிருந்து 8-க்கு ஏறும்போது, 12-ஐ எட்ட மீதமிருக்கும் 8 வோல்ட் பாதியாகி 4 ஆகிறது. இறங்கும்போதும் 8 பாதியாகி 4. இரண்டு பக்கமும் பாதியாகும் நேரம்தான், அதனால் ஒரே எண்.

அவன் விளக்கை 3-ஆம் காலுக்கும் தரைக்கும் இடையே கட்டியிருந்தான். ஏற்றத்தின்போது அந்தக் கால் மேலே இருக்கும், விளக்கு எரியும். ஆக ஒவ்வொரு சுற்றிலும் 92 சதவீத நேரம் வெளிச்சம்.

"அப்ப R1-ஐச் சின்னதாக்கினா சரிபாதி வருமா?" என்று கேட்டான். கிட்டத்தட்ட வரும். R1 10 கிலோ, R2 68 கிலோ என்றால் எரிவது 0.54 நொடி, அணைவது 0.47. அச்சொட்டாகப் பாதி வேண்டுமென்று R1 இருக்குமிடத்தில் வெறும் கம்பியைப் போட்டுவிடாதீர்கள். 7-ஆம் கால் தரையோடு சேரும்போது பேட்டரியே அதற்குள் பாயும். அப்படி ஒருவர் கொண்டுவந்த சில்லின் தலையில் சின்னப் பள்ளமே விழுந்திருந்தது. ஒரு கிலோ ஓமுக்குக் கீழே நான் போவதில்லை.

ஆனால் தனி பேட்டரியில் ஓடும் விளக்குக்குச் சரிபாதி எதற்கு? சின்னதாக ஒரு பளிச், பிறகு நீண்ட இருட்டு போதும். அதற்கு ஏற்றம் குறைந்து இறக்கம் நீள வேண்டும். இந்தக் கட்டமைப்பில் அது நடக்காது, ஏற்றப் பாதையில் R2-ம் சேர்ந்தே இருக்கிறதே. R2-க்குக் குறுக்கே ஒரு டையோடு போட்டால் ஏற்றம் R2-ஐத் தவிர்த்து டையோடு வழியாகப் போகும். அதைவிடச் சுலபமான வழி, விளக்கைத் தரைப் பக்கத்திலிருந்து கழற்றி, பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் 3-ஆம் காலுக்கும் இடையே மாட்டுவது. இப்போது கால் கீழே இறங்கும்போதுதான் விளக்கு எரியும். எரிந்த நேரம் இருட்டாகிறது, இருட்டு வெளிச்சமாகிறது. அவன் விளக்கு 60 மில்லியாம்பியர் எல்ஈடி, சில்லே தாங்கும். பழைய 21 வாட் பல்ப் என்றால் நடுவில் டிரான்சிஸ்டர் வேண்டும்.

0.07 நொடி பளிச் தூரத்திலிருந்து மெலிந்து தெரிந்தது. R2-ஐ மட்டும் 22 கிலோ ஆக்கினோம். எரிவது 0.15, அணைவது 0.85, கூட்டினால் நொடிக்கு ஒரு முறை. விளக்கின் சராசரி 55 மில்லியாம்பியரிலிருந்து 9 ஆகிவிட்டது. இனி சாதாரண 555 தானாகக் குடிப்பதும் ஏறத்தாழ அதே அளவுதான், சீமாஸ் வகை போட்டால் அதுவும் மிச்சம். சீமாஸ் என்றால் 3-ஆம் கால் எவ்வளவு உறிஞ்சும் என்று அதன் தாளைப் பார்த்துவிடுங்கள்.

கெப்பாசிட்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எலக்ட்ரோலிட்டிக் வகை மேலே எழுதிய மதிப்பிலிருந்து 20 சதவீதம் தள்ளியிருப்பது சகஜம். வெயிலில் காய்ந்து மதிப்பு குறைந்தால் விளக்கு வேகமாக மினுக்கும். அதற்குப் பயந்து 1 மைக்ரோ ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டு, ரெசிஸ்டர்களை மெகா ஓமுக்கு உயர்த்தலாம். கணக்கு சரிதான். ஆனால் தோட்டத்துச் சேறும் பனியும் போர்டில் படிந்தால் கெப்பாசிட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு கசிவுப் பாதை உருவாகும். ஏற்றும் ரெசிஸ்டர்களின் கூட்டைப்போல் இரு மடங்குக்குக் கீழே அந்தக் கசிவுப் பாதையின் ஓம் அளவு வந்துவிட்டால் மின்னழுத்தம் 8-ஐத் தொடவே தொடாது. மீட்டரில் 7-இலோ 6-இலோ அசையாமல் நிற்கும், விளக்கும் எரியாது. நான் 100 கிலோவோடு, 105 டிகிரி தாங்கும் 10 மைக்ரோவையே போட்டு, போர்டு முழுக்க வார்னிஷ் அடித்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து மாமாவே வந்தார். "சுவிட்ச் போட்டா உடனே எரியலையே தம்பி, நான் ரெண்டு தடவை மூடிட்டு மறுபடி போட்டேன்" என்றார். தவறு அவருடையதல்ல. முதல் முறை மட்டும் கெப்பாசிட்டர் 4-இலிருந்து அல்ல, பூஜ்யத்திலிருந்து 8-க்கு ஏற வேண்டும். அதற்கு 0.693 அல்ல, 1.1 மடங்கு. நம் போர்டில் 1.3 நொடி. அவர் ஒரு நொடியிலேயே மூடிவிட்டிருக்கிறார்.