ஏழு ஐந்தாகக் குறைந்தால் நல்ல செய்தியா?

டர்பனில் ஒரு மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் குழுவில் இருக்கிறேன். மாதாந்தரக் கூட்டங்களில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம், "போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறதே, டாக்டர்" என்பதுதான். ஒரு ஜூன் மாதக் கூட்டத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய இரத்தக் குழாய்க்குள் செலுத்தி வைக்கும் மெல்லிய குழாய், வழியாக வந்த இரத்தத் தொற்று மே மாதத்தில் 7, ஜூனில் 5. கணக்குப் போட்டு 29 சதவீதம் குறைவு என்று பலகையில் எழுதி, பக்கத்தில் பச்சை அம்புக்குறியும் போட்டுவிட்டார்கள். அந்தப் பிரிவின் நிலை மோசமாகிவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததே அந்த ஜூனில்தான்.

இரண்டு மாதங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படித்தான் ஏமாறுவோம். எதுவுமே மாறாத பிரிவிலும் எண்ணிக்கை ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். ஏற்ற இறக்கம் வழக்கமானதா, புதியதா என்று பார்க்க ரன் சார்ட் போதும். கீழே மாதங்கள், இடப்பக்கம் எண்ணிக்கை, புள்ளிகளை இணைக்கும் ஒரு கோடு, நடுவில் இடைநிலைக் கோடு. கட்டம் போட்ட தாளும் பென்சிலும் இருந்தால் வரைந்துவிடலாம்.

அந்தப் பிரிவின் எண்களை, அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றி, இங்கே தருகிறேன். முதல் ஆண்டு, ஜனவரி முதல் டிசம்பர் வரை: 3, 5, 2, 4, 6, 3, 4, 1, 5, 4, 3, 6. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 1, 2, 3, 3, 3, 4, 4, 4, 5, 5, 6, 6. நடுவிலுள்ள இரண்டும் 4, ஆகவே இடைநிலை 4. சராசரியை எடுக்காததற்குக் காரணம் உண்டு. ஏதோ ஒரு மாதம் எண்ணிக்கை 15க்குத் தாவினால் சராசரி அதோடு மேலே போய்விடும். இடைநிலை பெரும்பாலும் அசையாது. இந்தக் கோட்டை அடுத்த ஆண்டுக்கும் அப்படியே நீட்டிவிடுகிறோம். ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கணக்கிடக் கூடாது. கணக்கிட்டால் நிலைமை கெடக் கெடக் கோடும் கூடவே ஏறி, கெட்டதையே வழக்கமாகக் காட்டிவிடும்.

இரண்டாம் ஆண்டு, ஜனவரி முதல் ஜூன் வரை: 5, 4, 6, 5, 7, 5. தொடர்ந்து 6 புள்ளிகள் இடைநிலைக் கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் அது நகர்வு, அதாவது வழக்கமே மாறிவிட்டதன் அடையாளம் என்பது விதி. கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் புள்ளியை எண்ணிக்கையில் சேர்ப்பதும் இல்லை, அதனால் தொடர் அறுந்துவிட்டதாகக் கொள்வதும் இல்லை; தாண்டிப் போய்விட வேண்டும். பலர் இங்கேதான் இடறுகிறார்கள். பிப்ரவரியின் 4 சரியாகக் கோட்டில் இருக்கிறது. "பிப்ரவரியில் இறங்கிவிட்டதே, தொடர் முடிந்துவிட்டது" என்று எங்கள் கூட்டத்திலும் ஒருவர் சொன்னார். முடியவில்லை. அதைத் தாண்டி எண்ணுங்கள். முந்தைய ஆண்டின் நவம்பர் 3, கோட்டுக்குக் கீழே. டிசம்பர் 6, மேலே. பிறகு ஜனவரி, மார்ச், ஏப்ரல், மே, ஜூன். மொத்தம் ஆறு. ஆறாவது புள்ளி, பச்சை அம்புக்குறி போட்ட அதே 5.

உடனே காரணம் தேடி ஓட வேண்டாம். முதலில் எண்களே நம்பத்தக்கவையா என்று பார்க்க வேண்டும். தொற்று என்று முடிவு செய்யும் வரையறை மாறியதா, இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முன்னைவிட அதிகமாக எடுக்கிறார்களா, லைன் போட்ட நோயாளிகள் கூடிவிட்டார்களா? கடைசிக் கேள்விக்கு விடை லைன் நாட்களில் இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குச் சென்ட்ரல் லைன் இருக்கிறது என்று எண்ணி, மாதத்துக்கு மொத்தமாகக் கூட்ட வேண்டும். மாதம் 800 லைன் நாட்களுக்கு 4 தொற்று என்றால் ஆயிரத்துக்கு 5. லைன் நாட்கள் 1200 ஆகி, தொற்று 6 ஆனாலும் அதே 5தான். அங்கே நகர்வு எதுவும் இல்லை. எங்கள் பிரிவில் லைன் நாட்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. வரையறையும் கல்ச்சர் எடுக்கும் வழக்கமும் மாறவில்லை.

தொடர் டிசம்பரில் தொடங்குவதால் நவம்பர், டிசம்பரில் என்ன மாறியது என்று தேடினோம். முதல் சந்தேகம், எதிர்பார்த்தபடியே, ஜனவரியில் வந்த புதிய இன்டர்ன்கள் மேல் விழுந்தது. இந்த நாட்டில் எந்தக் குறைக்கும் ஜனவரி இன்டர்ன்கள்தான் கையில் அகப்படுவார்கள். ஆனால் டிசம்பரின் 6க்கு அவர்கள் பொறுப்பாக முடியாது.

விடை கட்டிலருகே இருந்தது. ஒரு நோயாளியின் கழுத்து லைன்மேல் வழக்கமான ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஒட்டுக்குப் பதிலாகப் பஞ்சுத்துணிக் கட்டு. ஓரம் சுருண்டு, நடுவில் மஞ்சளாக ஈரம் ஊறியிருந்தது. மூலையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய தேதி ஐந்து நாளைக்கு முந்தையது. கிடங்குப் பதிவேட்டைப் புரட்டினோம். நவம்பர் கடைசியில் பிளாஸ்டிக் ஒட்டு தீர்ந்துபோய், துணிக்கட்டு வந்திருக்கிறது. பிளாஸ்டிக் ஒட்டை, நனையாமலும் தளராமலும் இருந்தால், 7 நாட்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். துணிக்கட்டை 2 நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பொருள் மாறியது, சுவரில் ஒட்டியிருந்த "ஞாயிறுதோறும் மாற்றுக" என்ற சீட்டு மாறவில்லை. சிஸ்டர்கள் எல்லோரும் அந்தச் சீட்டை ஒழுங்காகவே பின்பற்றினார்கள்.

இது காரணம் என்று வரைபடம் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எப்போது தேடுவது, எந்த மாதத்தைச் சுற்றித் தேடுவது என்று மட்டுமே அது காட்டும். விதி பொய்யாகவும் மணி அடிக்கும். நாணயத்தை 6 முறை சுண்டினால் ஆறும் ஒரே பக்கம் விழ 32ல் ஒரு வாய்ப்புதான். ஆனால் 24 முறை சுண்டினால் எங்காவது ஓரிடத்தில் ஆறு தொடர்ந்து ஒரே பக்கம் விழ நாலில் ஒன்றுக்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது. அதனால் சிலர் 8 புள்ளிகள் கேட்கிறார்கள். நான் ஆறோடு நிற்கிறேன். வீணாகப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு மதியம் போகும். இரண்டு மாதம் தாமதித்தால் போவது அதைவிடப் பெரியது.

இந்த விதி பொருந்தாத இடங்களும் உண்டு. தொற்று அபூர்வமாக வரும் வார்டில் பாதிக்கு மேல் மாதங்கள் பூஜ்யமாக இருந்தால் இடைநிலையும் பூஜ்யமாகிவிடும். அதற்குக் கீழே புள்ளி விழவே முடியாது. அங்கே ஒரு தொற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே கழிந்த நாட்களை வரைவது மேல். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இரண்டு குழந்தைகளுக்கு அடுத்தடுத்து ஒரே கிளெப்சியெல்லா வந்தால் ஆறு புள்ளிகளுக்குக் காத்திருப்பது குற்றம். 2005ல் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதி மருத்துவமனையில் அந்தக் கிருமியால் குழந்தைகள் இறந்ததை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் அன்றைக்கே ஆய்வகத்துக்கும் மருந்து கலக்கும் அறைக்கும் போக வேண்டும்.

எங்கள் பிரிவில் ஜூலை நடுவில் சீட்டை மாற்றினோம். ஜூலை முதல் டிசம்பர் வரை எண்ணிக்கை: 6, 4, 3, 5, 3, 4. கோடு மறுபடி இடைநிலைக்கு மேலும் கீழுமாகப் போய்வருகிறது. நவம்பரின் 3ஐப் பார்த்து முன்னேற்றம் என்று அறிக்கை எழுதச் சொன்னார்கள், நான் எழுதவில்லை. வழக்கத்துக்குத் திரும்பியிருக்கிறோம், அவ்வளவே. அந்த வழக்கம் என்பது மாதம் நான்கு பேருக்கு இரத்தத் தொற்று. அதைக் குறைக்க, லைனில் ஊசி போடுவதற்கு முன் முனையை ஸ்பிரிட்டால் 15 விநாடி தேய்க்கிறார்களா என்று இப்போது கைக்கடிகாரத்தோடு நின்று பார்க்கிறோம். கோட்டுக்குக் கீழே தொடர்ந்து ஆறு புள்ளிகள் விழுந்தால் அறிக்கை எழுதுவேன்.