இணைப்பைத் திறந்ததும் வரி நிறமேறுவது எப்படி?

நீண்ட பக்கத்தின் நடுவில் உள்ள ஒரு வரியை மட்டும் காட்டும் இணைப்புகளைப் பார்த்திருப்பீர்கள். திறந்தவுடன் பக்கம் தானே அந்த இடத்துக்கு நகர்ந்து, வரி நிறமேறி நிற்கும். வேலை செய்வது முகவரியின் வாலில் இருக்கும் `#:~:text=` என்ற துண்டுதான். `#` குறிக்குப் பின் வருவது சர்வருக்குப் போவதில்லை. `:~:` முதல் வருவதைப் பக்கத்தின் ஸ்கிரிப்டுகளுக்கும் தெரியாமல் பிரவுசரே எடுத்துக்கொண்டு, அந்தச் சொற்களைப் பக்கத்தில் தேடுகிறது. குரோம் இதை 2020இல் கொண்டுவந்தது; ஃபயர்பாக்ஸுக்கு 2024 வரை ஆனது.

தேடல் மேலிருந்து கீழாகப் போய், முதலில் கிடைத்த இடத்தோடு நின்றுவிடும். வானிலைப் பக்கம் ஒன்றில் முதலில் "திங்களன்று மழை பெய்தது" என்றும், பிறகு "வியாழனன்று மழை பெய்தது" என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். `text=மழை%20பெய்தது` என்று, இடைவெளிக்குப் பதில் `%20` வைத்துக் கொடுத்தால், திங்கள்கிழமை வரிதான் நிறமேறும். வியாழன் வேண்டுமென்றால் முந்தைய சொல்லை அடையாளமாகச் சேர்க்க வேண்டும்:

```
https://example.com/vaanilai#:~:text=வியாழனன்று-,மழை%20பெய்தது
```

கோட்டுடன் முடியும் முன்சொல் அடையாளத்துக்கு மட்டுமே. அதற்கு நிறம் வராது. பின்சொல் வைப்பதானால் கோடு அதன் முன்னால் வரும்: `,-சொல்`.

அதிகம் சறுக்குவது காற்புள்ளியில்தான். கோடு ஒட்டாத இரண்டு துண்டுகளுக்கு இடையே காற்புள்ளி வந்தால், "இதிலிருந்து அது வரை" என்று பொருள். பல பத்திகளை ஒரே இணைப்பில் காட்ட இது வசதி. ஆனால் "மழை, வெள்ளம்" என்ற தொடரை அப்படியே ஒட்டினால், பக்கத்தின் முதல் "மழை"யிலிருந்து அடுத்து வரும் "வெள்ளம்" வரை எல்லாமே நிறமேறும். மேற்கோளுக்குள் இருக்கும் காற்புள்ளியை `%2C` என்றும், கோட்டை `%2D` என்றும், `&` குறியை `%26` என்றும் எழுதினால் தொல்லை இல்லை.

தமிழுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. பிரவுசர் முழுச்சொல்லைத்தான் பொருத்தும். "மழை" என்று கொடுத்தால் "மழையில்" அகப்படாது. எழுத்தெழுத்தாகச் சோதித்து, பக்கத்தில் இருப்பதை வெளியார் ஊகித்துவிடக் கூடாது என்பதற்கான காப்பு இது. ஆங்கிலத்தில் பெரிதாக உறுத்தாது. வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும் நம் மொழியிலோ, உருபோடு அப்படியே நகலெடுத்தால்தான் பொருந்தும். முகவரியும் நீளும்: "மழை" என்பது `%E0%AE%AE%E0%AE%B4%E0%AF%88` என 27 குறிகளாக மாறுகிறது. ஆகவே நீளமான மேற்கோளுக்கு முதல் சில சொற்களையும் கடைசிச் சில சொற்களையும் மட்டும் கொடுப்பது நல்லது.

பக்கத்தை யாராவது திருத்தி அந்த வரி மாறிவிட்டால், பிழைச்செய்தி எதுவும் வராது. பக்கம் வழக்கம்போல் மேலிருந்து திறக்கும். வரி இருக்கும் பகுதிக்குத் தனி `id` இருந்தால் அதையும் முன்னால் சேர்த்துவிடுங்கள்: `#vaaram:~:text=...`. சொற்கள் கிடைக்காதபோது பிரவுசர் அந்தப் பகுதிக்காவது கொண்டுபோய்விடும்.