விடிய நாலு மணிக்கு எழுப்புவதற்கு முன்

சாதாரண தரப் பரீட்சைக்கு ஐந்து கிழமை இருக்கும்போது ஒரு தாய் தன் மகளை என்னிடம் கூட்டி வந்தார். "படிச்சதெல்லாம் பேப்பரைக் கண்டதும் மறந்துபோகுது எண்டு அழுகிறாள், டொக்டர்" என்றார். மாதிரிப் பரீட்சையில் கணித வினாத்தாளை விரித்தபடி இருபது நிமிடம் ஒன்றும் எழுதாமல் இருந்திருக்கிறாள்.

நான் முதலில் நித்திரையைப் பற்றித்தான் கேட்டேன். ரியூசன் முடிந்து வீடு வர இரவு ஏழு மணி. பிறகு பன்னிரண்டரை வரை படிப்பு, இடையில் இரண்டு தேத்தண்ணி. விடிய நாலு மணிக்கு அம்மா எழுப்புவார். ஆக மூன்றரை மணித்தியாலம். விடிய எழும்பிப் படிப்பது எங்கள் ஊரின் பழைய பழக்கம்தான். ஆனால் அது இரவு எட்டரைக்கே விளக்கணைத்த வீடுகளின் பழக்கம்.

இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணித்தியால நித்திரை வேண்டும். பகலில் படித்தது மனதில் ஊன்றுவது நித்திரையில்தான். நித்திரை குறைந்தால் பயமும் கூடும். கணக்கைப் போட்டுப் பார்க்க மனதில் இருக்கும் கொஞ்ச இடத்தையும் அந்தப் பயமே பிடித்துக்கொள்ளும். அவள் படித்தது எங்கும் போய்விடவில்லை.

எழும்பும் நேரத்தை உடனே ஆறு மணியாக்கினோம். படுக்கும் நேரத்தை இரண்டு நாளுக்கொருமுறை இருபது நிமிடம் முன்னே கொண்டுவந்தோம். பத்து மணிக்கு வர இரண்டு கிழமை எடுத்தது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணி இல்லை. போன் அம்மாவின் அறையில்.

"அப்ப படிக்கிற நேரம் குறையுமே?" என்று தாய் கேட்டார். குறையும்தான். அதனால் படிக்கும் விதத்தை மாற்றினோம். கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசிக்காமல், மூடி வைத்துவிட்டு நினைவில் நிற்பதை வெறுந்தாளில் எழுதி, பிறகு திறந்து பார்த்துத் திருத்த வேண்டும். சனிக்கிழமை காலை எட்டரைக்குச் சாப்பாட்டு மேசையில் கடந்தகால வினாத்தாள் ஒன்று, மணிக்கூடு வைத்து.

முதல் சனிக்கிழமையும் மூன்றாவது கேள்வியில் கை நின்றுவிட்டது. அப்புறம் ஒன்று பழக்கினேன்: பேனாவை வை, மூச்சை ஆறு எண்ணும் வரை மெல்ல வெளியே விடு, இப்படி ஐந்து தரம். பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டுத் தெரிந்த ஒன்றைத் தொடங்கு. அடுத்த கிழமை நாலு நிமிடத்தில் திரும்ப எழுதத் தொடங்கினாள். பயம் போகவில்லை, ஆனால் எழுத முடிந்தது.

எல்லாப் பிள்ளைக்கும் இது போதாது. நேரத்துக்குப் படுத்தும் இரண்டு கிழமையாக நித்திரை வராவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், வைத்தியரிடம் காட்டுங்கள். "நான் இருந்து என்ன" என்று ஒரு சொல் வந்தாலும், "சாகவேணும் எண்டு நினைக்கிறியா, பிள்ளை?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஓம் என்றால் அன்றைக்கே யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டி வாருங்கள். 1926 என்ற உளநல உதவி இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம். வைத்தியரிடம் காட்டும் வரை பிள்ளையைத் தனியே விடவேண்டாம்.