30 இருக்கைப் படகுக்கு 32 டிக்கெட்

மொரீஷியஸின் எபேனில் பேக்கெண்ட் வேலைக்கான நேர்காணலில், ஒரே நேரத்தில் ஓடும் டிரான்சாக்‌ஷன்களை டேட்டாபேஸ் எவ்வளவு பிரித்து வைக்கிறது என்று சொல்லும் ஐசோலேஷன் நிலைகளைப் பற்றிக் கேட்டால், வருகிறவர்கள் ஒரே அட்டவணையைத்தான் ஒப்பிக்கிறார்கள். ரீட் அன்கமிட்டட் நிலையில், இன்னொருவர் இன்னும் கமிட் செய்யாததைப் படித்துவிடும் டர்ட்டி ரீட் நேரலாம். ரீட் கமிட்டட் அதைத் தடுக்கும்; ஆனால் ஒரே வரிசையை இரண்டு முறை படித்தால் மதிப்பு மாறியிருக்கலாம். ரிப்பீட்டபிள் ரீட் அதையும் தடுக்கும். மறுபடி தேடும்போது புது வரிசை முளைக்கும் பாண்டம் மட்டும் மிஞ்சும். சீரியலைசபிள் எல்லாவற்றையும் தடுக்கும். 1992ஆம் ஆண்டு எஸ்க்யூஎல் தரம் சொல்வது இதுதான், ஒப்பிப்பதில் தவறு எதுவும் இல்லை.

அடுத்த கேள்வியில்தான் வண்டி நின்றுவிடுகிறது. "போஸ்ட்கிரெஸ் தன் ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் பாண்டத்தையும் தடுத்துவிடுகிறது. அப்படியானால் அதற்கும் சீரியலைசபிளுக்கும் என்ன வேறுபாடு?" பதில்: "வேறுபாடு இல்லை." கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கடந்த வாரமும் நல்ல அனுபவமுள்ள ஒருவர் இதையே சொன்னார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

அந்த அட்டவணையில் இருப்பது மூன்றே கோளாறுகள். மூன்றும் இல்லாவிட்டால் எல்லாம் பத்திரம் என்று தரம் எங்கும் உறுதி தரவில்லை. சீரியலைசபிளுக்கு அது தனியாகவே ஒரு நிபந்தனை வைக்கிறது. டிரான்சாக்‌ஷன்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் கிடைக்கும் விளைவுதான் கிடைக்க வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. இந்த இடைவெளியை ஜிம் கிரே உள்ளிட்ட ஆறு பேர் 1995இல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் விரித்துக் காட்டினார்கள். அட்டவணையில் இல்லாத ரைட் ஸ்கியூ என்ற கோளாறை அவர்கள் அதில் விளக்கியிருக்கிறார்கள்.

நம் ஊர் வேலையிலிருந்தே ஒன்றைப் பார்ப்போம். த்ரூ தோ தூஸிலிருந்து இல் ஓ செர்ஃப் தீவுக்குப் போகும் ஒரு படகில் 30 இருக்கைகள். ஏற்கெனவே 26 பதிவாகிவிட்டன. ஒரே நேரத்தில் இரண்டு முகவர்கள் ஆளுக்கு மூன்று இருக்கை கேட்கிறார்கள். இரண்டு கோரிக்கைகளுக்கும் ஓடுவது இதுதான்:

```sql
BEGIN ISOLATION LEVEL REPEATABLE READ;
SELECT coalesce(sum(seats), 0)
  FROM bookings WHERE trip_id = 7;   -- 26
INSERT INTO bookings (trip_id, seats) VALUES (7, 3);
COMMIT;
```

முதலாமவர் 26 என்று படிக்கிறார். அவர் கமிட் செய்வதற்குள் இரண்டாமவரும் 26 என்றே படிக்கிறார். 26உடன் 3 சேர்ந்தால் 29, இடம் இருக்கிறது என்று இருவரும் முடிவு செய்கிறார்கள். இருவரும் எழுதுகிறார்கள், இருவரும் கமிட் செய்கிறார்கள். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. `bookings` அட்டவணையில் 32 இருக்கைகள் பதிவாகி நிற்கின்றன.

இங்கே பாண்டம் எங்கே வந்தது? வரவே இல்லை. இரண்டாமவர் எழுதியபின், கமிட் செய்யும் முன், கூட்டுத்தொகையை மறுபடி கேட்டாலும் 29 என்றுதான் வரும்; அவர் முதலில் படித்தபோது எடுத்த படத்தில், அதாவது ஸ்னாப்ஷாட்டில், பழைய 26உம் அவர் சேர்த்த 3உம் மட்டுமே இருக்கின்றன. எத்தனை முறை படித்தாலும் பதில் மாறாது. பாண்டம் என்பது இரண்டாம் முறை படிக்கும்போது புது வரிசை முளைப்பது. இங்கே கெட்டது வேறு, அதுதான் ரைட் ஸ்கியூ: இருவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், பழைய படத்தை நம்பி முடிவெடுத்துவிட்டார்கள். இருவரும் ஒரே வரிசையைத் திருத்தியிருந்தால் போஸ்ட்கிரெஸ் இரண்டாமவரை நிறுத்தியிருக்கும். வேறு வேறு வரிசைகளை எழுதியதால் மோதல் அதன் கண்ணில் படவில்லை.

"டிரான்சாக்‌ஷனுக்குள் போட்டுவிட்டேனே, போதாதா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பாதியில் நின்றால் முழுவதும் ரத்தாகும் என்பது ஒரு வாக்குறுதி. பக்கத்தில் ஓடும் இன்னொரு டிரான்சாக்‌ஷன் உங்கள் கணக்கைக் குலைக்காது என்பது வேறொரு வாக்குறுதி. முதலாவது தானாகக் கிடைக்கும். இரண்டாவதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நிலையின் பெயரையும் நம்பாதீர்கள், எந்த டேட்டாபேஸ் என்று முதலில் கேளுங்கள். மைஎஸ்க்யூஎல் இன்னோடிபியின் இயல்பு நிலை ரிப்பீட்டபிள் ரீட். மேலே உள்ள வெறும் `SELECT` அங்கேயும் இதே 32ஐத்தான் தரும். ஆரக்கிளில் சீரியலைசபிள் என்று போட்டாலும் கிடைப்பது ஸ்னாப்ஷாட் நிலைதான், ரைட் ஸ்கியூ அங்கும் நுழையும். போஸ்ட்கிரெஸ்கூட 2011இல் வந்த 9.1 பதிப்பிலிருந்துதான் உண்மையான சீரியலைசபிளைத் தருகிறது.

அதே நிரலைப் போஸ்ட்கிரெஸில் `SERIALIZABLE` என்று மாற்றி ஓட்டினால், இருவரில் ஒருவருக்கு `40001` என்ற பிழை வரும். அது கோளாறு அல்ல, காவல். பிழை வந்தால் டிரான்சாக்‌ஷனை `BEGIN` முதல் மறுபடி ஓட்டுங்கள். `INSERT` மட்டும் மறுபடி ஓடினால் பழைய 26ஐ நம்பியே எழுதுவீர்கள். வாடிக்கையாளருக்கான உறுதிக் கடிதத்தைக் கமிட் ஆனபின் அனுப்புங்கள். உள்ளே வைத்தால் மறுமுயற்சிக்கு ஒரு கடிதம் என்று போய்ச் சேரும். படகுப் பதிவு செய்யும் எல்லா நிரல்களும் இதே நிலையில் ஓட வேண்டும். ஒன்று விலகினாலும் காவல் போய்விடும். இன்னொன்று: அட்டவணை சிறியதாக இருந்தால் போஸ்ட்கிரெஸ் இன்டெக்ஸை விட்டுவிட்டு முழு அட்டவணையையும் படிக்கும். அப்போது தொடர்பே இல்லாத வேறு படகின் பதிவும் `40001` வாங்கக்கூடும். சோதனைச் சூழலில் பிழைகள் குவிந்தால் பதறாமல் இதைப் பாருங்கள்.

பூட்டு போடுகிறேன் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. `bookings` வரிசைகளைப் பூட்டிப் பயனில்லை. இன்னும் எழுதப்படாத வரிசையை எப்படிப் பூட்டுவீர்கள்? `trips` அட்டவணையில் அந்தப் பயணத்தின் வரிசையை `FOR UPDATE` கொண்டு பூட்டிவிட்டு, அடுத்த கட்டளையில் கூட்டுத்தொகையைக் கேளுங்கள். ஆனால் இதை ரீட் கமிட்டட் நிலையில் செய்யுங்கள். அங்கே ஒவ்வொரு கட்டளைக்கும் புதுப் படம் கிடைக்கும். பூட்டுக்காகக் காத்திருந்து வந்தவர் 29ஐப் பார்த்து விலகிக்கொள்வார். போஸ்ட்கிரெஸின் ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் இதையே செய்தால், இரண்டாமவர் ஒழுங்காகக் காத்திருப்பார், பூட்டும் கிடைக்கும், ஆனால் படம் காத்திருப்பதற்கு முன்பு எடுத்தது. முதலாமவர் `trips` வரிசையைப் பூட்டினாரே தவிர மாற்றவில்லை என்பதால் பிழையும் வராது. மறுபடியும் 26, மறுபடியும் 32. நிலையை உயர்த்தினால் பாதுகாப்பு கூடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் இதை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி இன்னும் எளிது. மிச்ச இருக்கைகளைப் பயண வரிசையிலேயே வையுங்கள்:

```sql
UPDATE trips SET seats_left = seats_left - 3
 WHERE id = 7 AND seats_left >= 3;
```

இப்போது இருவரும் ஒரே வரிசையைத் தொடுகிறார்கள். போஸ்ட்கிரெஸின் ரீட் கமிட்டட் நிலையில் இரண்டாமவர் காத்திருப்பார். பின்பு நிபந்தனை புது மதிப்பில், அதாவது 1இல், மறுபடி சோதிக்கப்படும். மாறிய வரிசைகளின் எண்ணிக்கை 0 என்று வரும். அந்த 0ஐ நிரலில் கட்டாயம் பாருங்கள். பார்க்காமல் அடுத்த வரியில் பதிவை எழுதிவிட்டால், படித்துறையில் 32 பேர்தான் நிற்பார்கள்.