ஸ்லைடு படத்தில் தெரிவது எவ்வளவு?

கும்பகோணத்தில் பேத்தாலஜிஸ்டாக இருக்கிறேன். வாய்க்குள்ளிருந்து எடுத்த சதைத் துணுக்குகள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, கூடவே ஒரு துண்டு புகையிலை என்று கன்னத்தில் அடக்கிவைக்கும் பழக்கம் நம் ஊர்ப்பக்கம் இன்னும் குறையவில்லை. புகையிலை சேர்க்காவிட்டால் ஒன்றும் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்திவிட்டது.

இப்போதெல்லாம் ரிப்போர்ட்டோடு ஸ்லைடின் படத்தையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். வாங்கட்டும், தவறில்லை. ஆனால் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது, எது இல்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கன்னத்தின் உள்பக்கத்திலிருந்து எடுத்த ஒரு துணுக்கின் படத்தையே எடுத்துக்கொள்வோம். ஊதாப் புள்ளிகள் எல்லாம் செல்களின் உட்கருக்கள். அவற்றுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது ஹீமடாக்சிலின் என்ற சாயம். மற்ற பகுதிகளின் ரோஜா நிறம் ஈயோசின் என்ற இன்னொரு சாயத்தால் வருவது. நல்ல கன்னமாக இருந்தால் மேல்தோல் செல்கள் அடுக்கடுக்காக இருக்கும், அடிவரிசை ஒழுங்காக ஒரு கோட்டில் நிற்கும். கோட்டுக்குக் கீழே நார்த்திசுவும் ரத்தக்குழாய்களும் தசையும் இருக்கும். மேல்தோல் செல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

நான் சொல்லும் படத்தில் அந்தச் செல்கள் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கி, கூட்டம் கூட்டமாகத் தசை நார்களுக்கு நடுவில் கிடக்கின்றன. சில கூட்டங்களின் மையத்தில், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல வளையம் வளையமாக ரோஜா நிறப் பொருள் தெரியும். இதைக் கெரட்டின் முத்து என்போம். கன்னத்தின் உட்தோல் சாதாரணமாகக் கெரட்டின் உண்டாக்குவதில்லை. அது ஆழத்தில், தசைக்குள், இப்படிச் சுருண்டு கிடந்தால் செதிள் செல் புற்றுநோய் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இவ்வளவு தெளிவாக ஒரு படம் அமைந்தால் அதுவே போதும் என்று தோன்றும். ஆனால் நுண்ணோக்கியில் நாற்பது மடங்கு லென்ஸ் போட்டால் ஒரு சமயத்தில் கண்ணுக்குத் தெரியும் வட்டம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அகலம்தான். துணுக்கோ ஐந்தாறு மில்லிமீட்டர் இருக்கும். அதை மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, ஒரு மில்லிமீட்டரில் சுமார் 250-ல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி எடுத்ததுதான் ஸ்லைடில் ஒட்டியிருக்கிறது. படம் எடுத்தவர் அதில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். நாங்கள் ஸ்லைடு முழுவதையும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்க்கிறோம். சந்தேகம் இருந்தால் பிளாக்கில் இன்னும் ஆழமாகச் சீவச் சொல்லிப் பார்க்கிறோம்.

படம் ஏமாற்றவும் செய்யும். மேல்தோலின் அடிப்பகுதி இயல்பாகவே கீழ்நோக்கி விரல்விரலாக நீண்டிருக்கும். துணுக்கைச் சாய்வாகப் பதித்துவிட்டால் அந்த விரல்கள் குறுக்கே வெட்டுப்பட்டு, தனித்தனித் தீவுகளாகத் தெரியும். அந்த இடத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினால் புற்றுநோய் ஊடுருவியதுபோலவே இருக்கும். அடுத்தடுத்த சீவல்களைப் பார்க்கும்போது அந்தத் தீவுகள் மேல்தோலோடு போய்ச் சேர்ந்துவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, வயது அறுபது இருக்கும். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நடவு வேலைக்குப் போகிறவர், இடது கன்னத்தில் புகையிலை அடக்கும் பழக்கம். வெள்ளைத் திட்டும் நடுவில் ஆறாத புண்ணும். ஐப்பசியில் ஒரு கிளினிக்கில் மேலாக ஒரு சின்னத் துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். அதில் மேல்தோல் மட்டுமே இருந்தது, செல்களும் மிக மோசமாக உருமாறியிருந்தன. இந்த உருமாற்றத்தை டிஸ்பிளேசியா என்போம். ஆனால் அடியிலுள்ள திசு ஒரு துளியும் வரவில்லை. ரிப்போர்ட்டில் இப்படி எழுதியிருந்தேன்: "தீவிர டிஸ்பிளேசியா. அடித்திசு இல்லாததால் ஊடுருவல் உள்ளதா என்று சொல்ல இயலாது. புண்ணின் ஓரத்திலிருந்து ஆழமாக எடுத்து அனுப்பவும்."

மகன் படத்தை வாட்ஸ்அப்பில் மருத்துவத் துறையில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறார். அவர் பார்த்துவிட்டு, "செல் எதுவும் கீழே இறங்கலையே, கேன்சர் இல்லை" என்றாராம். படத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது உண்மைதான். இறங்குவதற்குக் கீழே என்று ஓர் இடமே அந்தத் துணுக்கில் கிடையாது. ரிப்போர்ட்டின் கடைசி வரியை யாரும் படிக்கவில்லை. அறுவடை முடியட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மாசியில் வந்தபோது புண் பெரிதாகியிருந்தது. இந்த முறை ஓரத்திலிருந்து ஆழமாக எடுத்தார்கள். முதலில் சொன்ன அந்த முத்துகள் இதில் இருந்தன.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த ரிப்போர்ட்டில்தான் அந்த அம்மாவின் சிகிச்சையைத் தீர்மானித்த விவரங்கள் இருந்தன. கட்டியின் அகலம் 2.5 சென்டிமீட்டர். ஆழம் 7 மில்லிமீட்டர். வெட்டிய ஓரம் கட்டியிலிருந்து எல்லாப் பக்கமும் 5 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது, அதாவது ஓரம் சுத்தம். கழுத்திலிருந்து எடுத்த நெறிக்கட்டிகளில் ஒன்றில் மட்டும் நோய் இருந்தது, அதன் உறையைக் கிழித்து வெளியே வரவில்லை. கையால் தடவிப் பார்த்தபோது கழுத்தில் எதுவும் தட்டுப்பட்டிருக்கவில்லை.

தட்டுப்படாத கழுத்தில் ஏன் கத்தி வைக்க வேண்டும் என்று மகன் கேட்டார். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. தொடக்கநிலை வாய்ப்புற்றுநோயில், கட்டியை எடுக்கும்போதே கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்று ஆண்டு கழித்து உயிரோடு இருந்தார்கள். நெறிக்கட்டி வீங்கினால் பார்க்கலாம் என்று காத்திருந்தவர்களில் அது 67.5 சதவீதம். கட்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போயிருந்தவர்களுக்குத்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. இந்த ஆழம், மேல்தோலின் அடிக்கோட்டு மட்டத்திலிருந்து கட்டி எட்டிய கடைசிப் புள்ளிவரை செங்குத்தாக அளப்பது. அரை மில்லிமீட்டர் வட்டத்தைக் காட்டும் படத்தில் 7 மில்லிமீட்டரை எங்கே அளப்பது? நெறிக்கட்டியில் நோய் இருந்ததால், அடுத்துக் கதிர்வீச்சு தேவையா என்ற பேச்சும் அந்த ரிப்போர்ட்டை வைத்தே நடந்தது.

ரிப்போர்ட் சரியாக வர உங்கள் பக்கமும் ஒன்றிரண்டு காரியம் இருக்கிறது. துணுக்கை உப்புநீரில் போட்டு அனுப்பும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. நம் வெயிலில், பஸ்ஸில் லேபுக்கு வந்து சேர்வதற்குள் அது அழுக ஆரம்பித்து, உட்கருக்கள் கலங்கிப்போகும். அப்புறம் எந்த நுண்ணோக்கியாலும் மீட்க முடியாது. பத்து சதவீத ஃபார்மலினில், துணுக்கைப்போல் பத்து மடங்காவது திரவம் இருக்கும்படி போட வேண்டும். கூட அனுப்பும் தாளில் எந்தப் பக்கக் கன்னம், எத்தனை மாதமாகப் புண், என்ன மெல்லும் பழக்கம் என்பதெல்லாம் இருக்கட்டும்.

இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால் படத்தை அனுப்பாதீர்கள். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பரிசோதித்த லேபிலேயே ஸ்லைடையும் பிளாக்கையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். கோடையில் பிளாக்கை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட வேண்டாம், மெழுகு இளகிவிடும். ஸ்லைடு உடைந்தால் பிளாக்கிலிருந்து இன்னொன்று சீவிக்கொள்ளலாம், அதனால் பார்த்து முடித்ததும் பிளாக்கை மறக்காமல் லேபில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.