மாஸ்க்கைத் துவைத்தால் அழுக்கோடு சேர்ந்து போவது எது?

கோவை வட்டாரத்து ஃபவுண்டரிகளில் தொழிலாளர் பாதுகாப்பு வேலை பார்ப்பவன் நான். அங்கே ஃபெட்லிங் பகுதி என்று ஒன்று உண்டு. வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டியிருக்கும் மணலையும் பிசிறையும் கிரைண்டர் வைத்துத் தேய்த்து எடுக்கிற இடம். மணல் என்றால் சிலிக்கா. அதில் கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். 4 மைக்ரானுக்குக் கீழே உள்ள, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கைவிடச் சின்ன, கண்ணுக்கே தெரியாத தூள்தான் நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்து சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் கொண்டுவருகிறது. பக்கத்திலேயே வெல்டிங் நடந்தால் அந்தப் புகைத் துகள் இன்னும் சின்னது, பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் கீழே.

இந்தப் பகுதிகளில் இரண்டு பழக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, என்-95 அல்லது எஃப்.எஃப்.பி.2 மாஸ்க்கை சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடுவது, இல்லையென்றால் ஸ்பிரிட் தெளித்துத் துடைப்பது. "புதுசு மாதிரியே இருக்குங்க சார், மூச்சும் நல்லா வருது" என்பார்கள். இன்னொன்று, மூச்சு பாரமாக இருக்கிறது என்று கீழ்ப்பட்டையைக் கழற்றித் தொங்கவிட்டு மேல்பட்டையை மட்டும் மாட்டிக்கொள்வது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: மாஸ்க்கை ஒரு சல்லடையாக நினைப்பது. சல்லடையில் ஓட்டை கிழியாதவரை அது நல்ல சல்லடைதானே, கழுவினால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் மாஸ்க்கின் நடு அடுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் ஓட்டை என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. உருக்கிய பாலிப்ரொப்பிலீனைச் சூடான காற்றால் ஊதி இழுத்த சில மைக்ரான் தடிமனுள்ள நார்கள், ஒழுங்கே இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். அதன் கொள்ளளவில் 90 சதவீதத்துக்கு மேல் வெறும் காற்றுதான். நார்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 10 மைக்ரானைச் சுற்றி இருக்கும். அப்படியென்றால் 0.3 மைக்ரான் துகள் தாராளமாகப் போய்விட வேண்டுமே? சல்லடைக் கணக்குப்படி போகத்தான் வேண்டும். போகாததற்குக் காரணம் வேறு: இந்த அளவில் ஒரு துகள் நாரைத் தொட்டுவிட்டாலே போதும், மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பில் அது ஒட்டிக்கொள்ளும், திரும்ப வராது. ஆகவே துகளை மறிக்க வேண்டாம், எப்படியாவது நாரைத் தொட வைத்தால் போதும்.

தொட வைக்கும் வழி துகளின் அளவைப் பொறுத்து மாறுகிறது. காற்று நாரைச் சுற்றி வளைந்து போகும். 1 மைக்ரானுக்கு மேற்பட்ட கனமான துகளுக்கு அந்த வேகத்தில் வளையத் தெரியாது, மலைப்பாதைத் திருப்பத்தில் பஸ் திரும்ப, நின்றுகொண்டிருப்பவர் நேரே போய்ச் சாய்வது போல நாரில் போய் மோதிவிடும். அதைவிடக் கொஞ்சம் சின்னது காற்றோடு சேர்ந்து வளைந்தாலும், நாருக்கு மிக அருகில் உரசிப் போகும்போது அதன் உடம்பே நாரைத் தொட்டு மாட்டிக்கொள்ளும்.

மிகச் சின்னத் துகள்களின் கதைதான் சுவாரசியமானது. 0.1 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகளைச் சுற்றியுள்ள காற்றின் மூலக்கூறுகள் இடைவிடாமல் இடித்துக்கொண்டே இருப்பதால் அது நேர்க்கோட்டில் போகவே முடியாது, தள்ளாடித் தள்ளாடித்தான் போகும். ஒரு கணக்குப் போடுங்கள். சோதனைச் சாலைகளில் மாஸ்க் வழியாக நிமிடத்துக்கு 85 லிட்டர் காற்றை இழுப்பார்கள். மாஸ்க்கின் பரப்பு சுமார் 150 சதுர சென்டிமீட்டர் என்றால் காற்றின் வேகம் விநாடிக்கு 9 சென்டிமீட்டர் சொச்சம். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள அடுக்கைக் கடக்க 3 அல்லது 4 மில்லி விநாடி ஆகும். அந்தக் குறுகிய நேரத்தில் 0.1 மைக்ரான் துகள் சராசரியாக 2 மைக்ரான் தூரம் பக்கவாட்டில் விலகும், 0.01 மைக்ரான் துகள் 15 மைக்ரானுக்கு மேலேயே விலகிவிடும். நாருக்கு நார் 10 மைக்ரான் இடைவெளி உள்ள காட்டில் இப்படித் தள்ளாடுகிறவன் எதிலாவது முட்டாமல் வெளியே வருவது கடினம். அதாவது துகள் சின்னதாகச் சின்னதாக அதைப் பிடிப்பது சுலபமாகிறது. சல்லடை என்று நினைப்பவர்களுக்கு இதுதான் நம்பவே முடியாத விஷயம்.

அப்போது பிடிக்கக் கஷ்டமானது எது? நடுத்தரம்தான். 0.3 மைக்ரானை ஒட்டிய துகள் மோதுவதற்குப் போதிய கனமும் இல்லாமல், தள்ளாடுவதற்குப் போதிய லேசும் இல்லாமல் நடுவில் நழுவிப் போகும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் நான்காவது வழி, மின்னேற்றம். துணி தயாராகும்போதே உயர் மின்னழுத்தம் கொடுத்து நார்களில் மின்னூட்டத்தை நிலையாகத் தங்க வைத்துவிடுவார்கள். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் சாய் 1990களில் இதில் செய்த வேலை இன்றைய என்-95 மாஸ்க்குகளுக்கு அடிப்படையாக இருக்கிறது. மின்னூட்டம் உள்ள நார் தூரத்திலிருந்தே துகளை இழுக்கும், துகளுக்குச் சொந்தமாக மின்னூட்டம் இல்லாவிட்டாலும் இழுக்கும்.

சரி, இப்போது துவைத்த மாஸ்க்குக்கு வருவோம். ஆல்கஹாலில் நனைத்தால் இந்த மின்னூட்டம் போய்விடும், சோப்பும் அதே வேலையைச் செய்யும். நார் அப்படியே இருக்கும், இடைவெளி அப்படியே இருக்கும், கிழிசல் இருக்காது. 2020 கொரோனா நேரத்தில் இந்த வகைத் துணியை ஆல்கஹாலில் நனைத்துச் சோதித்தபோது, 95 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தது 56 சதவீதத்துக்கு இறங்கியது. மூச்சுத் தடை மட்டும் ஏறக்குறைய மாறவே இல்லை. இதில் ஆபத்து என்னவென்றால், போட்டுக்கொள்பவருக்கு எந்த அறிகுறியும் கிடையாது. பார்வைக்கும் தெரியாது, மூச்சிலும் தெரியாது. "மூச்சு நல்லா வருது" என்பது உண்மைதான், அதனால் மாஸ்க் நன்றாக இருக்கிறது என்று ஆகாது.

மூச்சு ஏன் பாரமாகிறது என்பதும் இங்கேதான் விளங்கும். காற்று ஒவ்வொரு நாரையும் உரசிக்கொண்டுதான் போக வேண்டும், அந்த உரசலை வெல்லும் வேலையை நம் மார்புத் தசைகள் செய்கின்றன. அடுக்கை இரண்டு மடங்கு தடிமனாக்கினால் தடை இரண்டு மடங்கு. நார் அடர்த்தியை மாற்றாமல் நாரின் தடிமனை மட்டும் பாதியாக்கினால் தடை நான்கு மடங்கு. துகளைப் பிடிப்பதற்கு நல்லது எதுவோ, அது பெரும்பாலும் மூச்சுக்குப் பாரம். மின்னேற்றம் ஒன்றுதான் தடையைக் கூட்டாமல் பிடிமானத்தைக் கூட்டும் வழி.

எவ்வளவு என்று பாருங்கள். தடையைத் தண்ணீர் மட்டம் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்று அளப்பார்கள். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் விதிப்படி 85 லிட்டர் ஓட்டத்தில் மூச்சை உள்ளிழுக்க 35 மில்லிமீட்டருக்கு மேல் தடை இருக்கக் கூடாது. நல்ல என்-95 பெரும்பாலும் 10 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அதே துணியில் மின்னூட்டம் போய்விட்டது, 100 துகளில் 45 உள்ளே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுக்கைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்றால், இரண்டு அடுக்கில் 20 துகள் போகும், மூன்றில் 9, நான்கில் 4. பழைய நிலைக்கு வர நான்கு அடுக்கு வேண்டும், தடை 40 மில்லிமீட்டர் ஆகிவிடும், விதியைத் தாண்டிவிட்டது. கிரைண்டர் பிடித்துக்கொண்டு அதை யாரும் ஒரு மணி நேரம்கூடப் போட்டிருக்க முடியாது.

உழைப்பும் இதில் சேர்கிறது. காற்றோட்டம் கூடக் கூடத் தடை அதே விகிதத்தில் கூடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 25 லிட்டர் போல இருக்கும், தடை 3 மில்லிமீட்டர்தான். கனமான வார்ப்பைப் புரட்டிக்கொண்டே வேலை செய்பவருக்கு உச்ச வேகம் 170 லிட்டர் வரை போகலாம், அப்போது 20 மில்லிமீட்டர். ஆபீஸ் அறையில் மாஸ்க்கைப் போட்டுப் பார்த்துவிட்டு "இதில் என்ன கஷ்டம்" என்று சொல்கிற மேலாளர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். தொழிலாளி பொய் சொல்லவில்லை.

அதே சமயம் பட்டையைத் தளர்த்துவது தீர்வே இல்லை. காற்று தடை குறைந்த வழியைத்தான் தேடும். மூக்குத்தண்டு ஓரத்திலோ தாடையிலோ சின்ன இடைவெளி இருந்தாலும் ஒரு பெரும் பங்கு அதன் வழியாக வடிகட்டாமல் உள்ளே வரும், மூச்சும் திடீரென்று இதமாகிவிடும். என்-95 மேலே சாதா மாஸ்க் ஒன்றைக் கூடுதலாக மாட்டினாலும், முகத்தோடு சரியாகப் பொருந்தாத இடத்தில் கசிவு கூடத்தான் வாய்ப்பு, ஏனென்றால் நேர்வழியில் தடை ஏறிவிட்டது. புது மாஸ்க் போட்டதும் இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டு சட்டென்று மூச்சை இழுங்கள். மாஸ்க் லேசாக உள்ளே ஒடுங்க வேண்டும், கண்ணோரத்தில் காற்று படக் கூடாது. தாடி இருந்தால் இந்தச் சோதனையில் தேறுவது கடினம்.

மூச்சு பாரமானால் ஆக்சிஜன் குறைகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். ஆக்சிஜன் மூலக்கூறு மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, நாரில் பட்டாலும் ஒட்டாமல் திரும்பிவிடும், தாராளமாக உள்ளே வரும். பாரமாக இருப்பது காற்றை இழுக்கும் உழைப்பும் உள்ளே தங்கும் வெப்பமும் ஈரமும்தான். வால்வு வைத்த மாஸ்க் மூச்சை விடும்போது திறந்து இந்த வெப்பத்தைக் குறைக்கும், இழுக்கும்போது அது மூடிக்கொள்வதால் அந்தப் பாரத்தைக் குறைக்காது. ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவருக்கு இந்தக் கூடுதல் உழைப்பே சிக்கல் ஆகலாம், அவரை மருத்துவரிடம் காட்டிய பிறகே மாஸ்க் கொடுக்க வேண்டும், அல்லது பேட்டரி மோட்டார் காற்றைத் தள்ளித் தரும் ஹூட் வகைக்கு மாற்ற வேண்டும்.

எப்போது தூக்கிப் போடுவது? காலையில் லேசாக இருந்த மாஸ்க் மதியத்துக்கு மேல் பாரமானால் தூசி அடைத்துவிட்டது என்று பொருள், மாற்றிவிடுங்கள். நனைந்துவிட்டாலும், பட்டை தளர்ந்துவிட்டாலும் மாற்றுங்கள். எண்ணெய்ப் புகை உள்ள இடம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், எண்ணெய்த் துளி நாரில் படிந்து மின்னூட்டத்தை அமுக்கிவிடும், என்-95இல் உள்ள 'என்' எண்ணெய்க்கு ஏற்றதல்ல என்பதைத்தான் குறிக்கிறது, அங்கே 'பி' வகை வேண்டும். அப்புறம், ஆக்சிஜன் ஒட்டாமல் உள்ளே வருவது போலத்தான் கார்பன் மோனாக்சைடும் தின்னர் ஆவியும் வரும். உலை வாயருகிலும் பெயின்ட் அடிக்கிற இடத்திலும் இந்த மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நிற்பவர்களை உடனே வெளியே கூப்பிடுங்கள்.