ஒன்பது மாதம் ஒன்பது ஆண்டாகிவிட்டால்: தனிவட்டி விடையைச் சரிபார்ப்பது

அசல் 12,000. வட்டி வீதம் ஆண்டுக்கு 8 சதவீதம். காலம் 9 மாதம். தனிவட்டி எவ்வளவு?

சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம்:

```
I = P × N × R / 100
```

P அசல், N காலம், R வட்டி வீதம். கணக்கில் இருக்கும் மூன்று எண்களையும் அப்படியே போட்டால் 12,000 × 9 × 8 / 100, விடை 8,640. பெருக்கலில் பிழை இல்லை, வகுத்தலிலும் பிழை இல்லை. ஆனால் சரியான வட்டி 720 மட்டுமே.

பிழை வந்த இடம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வீதம் 'ஆண்டுக்கு' என்று இருக்கிறது, காலமோ மாதத்தில் இருக்கிறது. 9 மாதத்தை 9/12 ஆண்டு என்று மாற்றிய பிறகுதான் N இருக்கும் இடத்தில் போட வேண்டும். இது தெரிந்தவர்களும் அவசரத்தில் வழுக்கி விழுகிறார்கள். ஆகவே, விடை வந்த பிறகு பிழையைப் பிடிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். நாம் வழக்கமாகச் செய்யும் சரிபார்ப்பு இந்தப் பிழையைப் பிடிக்காது என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

வழக்கமாக என்ன செய்வோம்? வந்த விடையைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். வட்டி 8,640 என்றால் காலம் எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிட்டால், 8,640 × 100 / (12,000 × 8) = 9 என்று வரும். கணக்கிலும் 9 என்றுதான் இருக்கிறது. "சரி, பொருந்துகிறது" என்று பேனாவை மூடிவிடுவோம். ஆனால் அந்த 9 என்பது 9 ஆண்டு. கணக்கில் இருந்தது 9 மாதம். போகும்போது அலகை விட்டுவிட்டுப் போனோம், திரும்பி வரும்போதும் அது இல்லாமலே வந்தோம். அதனால் எண் ஒத்துப்போனது, பொருள் ஒத்துப்போகவில்லை. கால்குலேட்டரில் இன்னொரு முறை தட்டிப் பார்ப்பதும் இதே கதைதான். தவறான எண்களைச் சரியாகப் பெருக்கித் தரும், அவ்வளவே.

அப்படியானால் விடையை வெளியிலிருந்து வரும் ஓர் அளவோடு ஒப்பிட வேண்டும். அதற்கு மிக எளிதானது ஓராண்டு வட்டி. 12,000-க்கு 8 சதவீதம் என்றால் 960. இதைக் கண்டுபிடிக்கக் காலமே தேவையில்லை, ஆகவே காலத்தில் செய்த பிழை இதைத் தொடாது. 9 மாதம் என்பது ஓராண்டை விடக் குறைவு. அப்படியென்றால் வட்டி 960-ஐத் தாண்டவே கூடாது. 8,640 அதைப் போல ஒன்பது மடங்கு. பிழை அங்கேயே அகப்பட்டுவிடுகிறது. ஓராண்டில் முக்கால் பங்கு 9 மாதம், 960-இல் முக்கால் பங்கு 720. சரியான விடையும் கூடவே கையில் வந்துவிட்டது.

"8,640 என்பது பார்த்தாலே பெரிய தொகை, அசலில் முக்கால்வாசிக்கு வந்துவிட்டதே, இதற்கு ஏன் தனியாகச் சோதனை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எல்லாக் கணக்கிலும் பிழை இப்படிக் கத்திக்கொண்டு நிற்காது. அசல் 10,000, ஆண்டுக்கு 3 சதவீதம், 2 மாதம் என்று வைத்துக்கொள்வோம். 2-ஐ அப்படியே போட்டால் வட்டி 600. பத்தாயிரத்துக்கு அறுநூறு என்பது யாருடைய புருவத்தையும் உயர்த்தாது. சரியான விடையோ 50. கண்ணை நம்பினால் இங்கே தவறிவிடுவோம். ஓராண்டு வட்டி 300 என்று பார்த்தால்தான், இரண்டு மாதத்துக்கு எப்படி 600 வந்தது என்ற கேள்வியே எழும்.

இரண்டு கணக்குகளிலும் தவறான விடை சரியான விடையைப் போலச் சரியாகப் பன்னிரண்டு மடங்கு: 8,640-க்கு 720, 600-க்கு 50. தனிவட்டியில் வட்டி காலத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். காலத்தைப் பன்னிரண்டு மடங்காக்கினால் வட்டியும் பன்னிரண்டு மடங்காகும். அசல் எதுவானாலும், வீதம் எதுவானாலும் இது மாறாது. ஆகவே இந்தப் பிழைதான் நடந்தது என்று உறுதியானால், கணக்கை முதலிலிருந்து போட வேண்டாம், வட்டியை 12-ஆல் வகுத்தால் போதும்.

ஆனால் வட்டியை மட்டும்தான் வகுக்க வேண்டும். கேள்வி, வட்டியும் அசலும் சேர்ந்த மொத்தத் தொகையைக் கேட்டிருந்தால், தவறான விடை 20,640 என்று வந்திருக்கும். அதை 12-ஆல் வகுத்தால் 1,720. அசலே 12,000 இருக்க, மொத்தம் 1,720 எப்படி ஆகும்? அசல் பன்னிரண்டு மடங்காகவில்லை, வட்டி மட்டும்தான் ஆனது. முதலில் அசலைக் கழித்து, மிச்சம் 8,640-ஐ 12-ஆல் வகுத்து, அசலை மறுபடி கூட்ட வேண்டும். அப்போது 12,720 வரும்.

வகுப்பதற்கு முன் கேள்வியின் வீதத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 'மாதத்துக்கு 8 சதவீதம்' என்று அதில் இருந்தால், 9-ஐ அப்படியே போட்டதுதான் சரி, 8,640 தான் விடை. வீதம் எந்த அலகில் இருக்கிறதோ, காலமும் அதே அலகில் இருக்க வேண்டும். இதே பிழை வீதத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கில் தலைகீழாக நடக்கும். அசல் 12,000, 9 மாதத்துக்கு வட்டி 720, வீதம் என்ன? 9-ஐ ஆண்டாகப் போட்டால் 0.67 சதவீதம் என்று ஒரு நோஞ்சான் எண் வரும். வேடிக்கை என்னவென்றால் அது முழுத் தவறும் இல்லை, மாத வீதம் அதுதான். பக்கத்தில் 'ஆண்டுக்கு' என்று எழுதும்போதுதான் தவறாகிறது.

ஓராண்டு வட்டிச் சோதனைக்கும் ஒரு ஓட்டை உண்டு. மாதத்தை ஆண்டாக மாற்ற வேண்டும் என்பது நினைவுக்கு வந்து, ஆனால் 9 மாதத்தை 0.9 ஆண்டு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தசமத்தில் பத்து பத்தாக எண்ணிப் பழகிய கை செய்யும் வேலை இது. அப்போது வட்டி 864. இது 960-க்கும் குறைவுதான், ஆகவே சோதனையில் தேறிவிடும். 12-ஆல் வகுக்கும் வித்தையும் இங்கே செல்லாது.

இதற்கு இன்னும் சிறிய அளவுகோல் வேண்டும், அதுதான் ஒரு மாத வட்டி. 960-ஐ 12-ஆல் வகுத்தால் 80. வந்த விடையில் எத்தனை 80 இருக்கிறது என்று பார்த்தால், அது எத்தனை மாதத்துக்கான வட்டி என்பது தெரிந்துவிடும். 720-இல் ஒன்பது. 864-இல் 10.8, கேட்டதோ 9 மாதம். 8,640-இல் 108 மாதம், அதாவது முழுதாக ஒன்பது ஆண்டு. முதலில் சொன்ன பின்னோக்கிய கணக்குதான் இதுவும், ஆனால் இந்த முறை விடை மாதமாகவே வருவதால் ஏமாற்ற முடியாது.

1 ஆண்டு 3 மாதத்தை 1.3 என்று எழுதியவரின் வட்டி 1,248 என்று வரும். சரியான விடை 1,200. வித்தியாசம் வெறும் 48. வேறு எந்தக் கண்ணுக்கும் இது தப்பிவிடும். 80-ஆல் வகுத்துப் பார்த்தால் 15.6 மாதம் என்று வரும்.